பழைய பைக்... ஒரு கோடு போட்டுப் பார்த்தால்!

செகண்ட் ஹேண்ட் பைக் விளம்பரங்களை ஒரு வாரம் தொடர்ந்து படியுங்கள். இந்த ஊரில் எல்லோருமே பைக்கை ஆபீஸுக்கு மட்டும்தான் ஓட்டுகிறார்கள், மழையில் நனைத்ததே இல்லை, சர்வீஸ் தேதியை அம்மாவின் பிறந்த நாள் போல ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வரும். 'சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், அவசர விற்பனை, சும்மா போன் பண்ணி டைம் வேஸ்ட் பண்ணாதீர்கள்!' எல்லாம் சரி. அதே மாடல், அதே வருஷம், ஒருவர் 56,000 கேட்கிறார், இன்னொருவர் 65,000 கேட்கிறார். நடுவில் இருக்கும் அந்த ஒன்பதாயிரம் எதற்கு? அதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கும் தம்பி, கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். ஊரில் அம்மா கட்டி வந்த சீட்டை எடுத்து 60,000 ரூபாய் அனுப்பியிருந்தார்கள். "இதுக்குள்ள வண்டி, பேர் மாத்துற செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் முடியணும் அண்ணே. ஒரு ரூபா கூட மேல போனா கடன்தான்" என்றார். அவர் கண் வைத்திருந்தது கொளத்தூரில் ஒரு 125 சி.சி. வண்டி. நாலு வருஷம் ஓடியது. விலை 65,000. கூடவே வந்த புரோக்கர் "சீப் சார்" என்றார். அலுவலக நண்பர் "ஐம்பதுக்கு மேல கொடுத்தா நீ ஏமாளி" என்றார். இரண்டு பேருமே எந்தக் கணக்கும் போடவில்லை என்பதுதான் விசேஷம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எண்களை எழுதுவது. "பதினைந்து நாள் பொறுத்துக்கோ தம்பி, விளம்பரங்களையே கேட்டுடுவோம்" என்றேன்.

செய்தது இதுதான். விளம்பரம் வரும் இரண்டு மூன்று இடங்களில் அதே மாடல் வண்டியை மட்டும் பார்த்து, வயது, கேட்கும் விலை, விளம்பரம் போட்ட தேதி மூன்றையும் குறித்தோம். (மாடல் பெயரைச் சொன்னால் ஒரு கம்பெனி சந்தோஷப்படும், மற்ற கம்பெனிகள் கோபித்துக்கொள்ளும். எனவே '125 சி.சி.' என்பதோடு விட்டுவிடலாம். எண்களையும் ஆயிரத்துக்கு ரவுண்டு செய்திருக்கிறேன்.) பார்க்கச் சுலபமான வேலை மாதிரி இருக்கும். பாதிக் கணக்கு இங்கேதான் கெட்டுப்போகிறது.

முதலில், ஒரே வண்டி மூன்று பேர் பெயரில் வரும். சொந்தக்காரர் ஒரு விளம்பரம், புரோக்கர் ஒன்று, புரோக்கருக்கு புரோக்கர் ஒன்று. போட்டோவில் பின்னால் தெரியும் சுவரையும் சீட் கவரையும் பார்த்தால் தெரிந்துவிடும். அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். அடுத்து, ஒரே பெயரில் இரண்டு வண்டி இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாக விற்கும் வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6 தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது, விலையும் ஏறியது. மேலே ஸ்டிக்கர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு வண்டி. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் ஒரே தட்டில் நிறுத்த மாதிரி. நாங்கள் பி.எஸ்.6 மட்டும் எடுத்தோம்.

மூன்றாவது, தேதி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதுசு விலை இறங்கினால் பழசு தன் விலையிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் போட்ட விளம்பரத்தை எடுக்க மறந்து, பழைய விலையிலேயே தொங்க விட்டிருப்பவர்கள் உண்டு. எனவே பழைய தேதி விளம்பரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட வேண்டும்.

இப்படிக் கழித்துக் கட்டியதில் கடைசியில் மிஞ்சியது பத்தே வண்டி.

1 வருஷம்: 90,000, 82,000
2 வருஷம்: 80,000, 73,000
3 வருஷம்: 72,000, 63,000
4 வருஷம்: 65,000, 56,000
5 வருஷம்: 54,000, 49,000

கிராஃப் தாளில் கீழே வயது, பக்கவாட்டில் விலை என்று வைத்துப் பத்துப் புள்ளி வையுங்கள். இடமிருந்து வலமாக இறங்கி வரும். அதன் நடுவே ஒரு ஸ்கேலை வைத்து, எல்லாப் புள்ளிக்கும் முடிந்தவரை பக்கமாகப் போகும் கோடு ஒன்று கிழிக்க வேண்டும். உங்கள் கண்ணுக்கு ஒரு கோடு, என் கண்ணுக்கு ஒரு கோடு என்று சண்டை வராமல் இருக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை வர்க்கப்படுத்திக் கூட்டினால், எந்தக் கோட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ, அதுதான் கோடு. இதுதான் ரெக்ரஷன். பள்ளிப் புத்தகத்தில் 'தொடர்புப் போக்கு' என்று பயமுறுத்தினார்களே, அதே ஆசாமிதான். கையால் போட வேண்டியதில்லை. எக்ஸெல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ A பத்தியில் வயது, B பத்தியில் விலை அடித்துவிட்டால் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துவிடும்.

எங்கள் பத்து வண்டிக்கும் வந்த கோடு இது: 93,900-ல் ஆரம்பித்து வருஷத்துக்கு 8,500 குறைகிறது. நாலு வருஷ வண்டிக்கு 93,900-லிருந்து 34,000 கழித்தால் 59,900. தம்பி முகத்தில் பல்பு எரிந்தது. "அப்போ அவர் ஐயாயிரம் கூட கேக்கறார்ணே!"

"அவசரப்படாதே. இதே கோட்டில் பன்னிரண்டு வருஷ வண்டிக்கு விலை போடு பார்ப்போம்" என்றேன்.

93,900-லிருந்து 1,02,000 போனால் மைனஸ் 8,100. அதாவது வண்டியையும் கொடுத்து, கூடவே 8,100 ரூபாயும் கொடுத்து, "தயவு செய்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கும்பிட வேண்டும். அப்படி ஒரு ஆசாமி கிடைத்தால் எனக்கு உடனே தகவல் கொடுங்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஏதோ பழைய ஞாபகம் வர வேண்டும். தேய்மானம்! நேர்கோட்டு முறை என்றால் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்பது. குறைந்து செல் மதிப்பு முறை என்றால் ஒரே சதவீதத்தைக் கழிப்பது. முதல் வருஷம் அதிகம், போகப் போகக் கொஞ்சம். இதில் எது நடைமுறைக்குப் பக்கம் என்று காலேஜில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கினோம். பைக் சந்தை அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறது: சதவீதம்தான். புது வண்டியை வெளியே எடுத்த முதல் வருஷம் பத்தாயிரத்துக்கு மேல் இறங்குகிறது. பத்து வருஷ வண்டிக்கு இன்னும் ஒரு வருஷம் ஏறினால் யாரும் பத்தாயிரம் குறைப்பதில்லை. குறைத்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

சதவீதத் தேய்மானத்தை ரெக்ரஷன் கண்டுபிடிக்க ஒரே ஒரு தந்திரம் செய்ய வேண்டும். விலைக்குப் பதிலாக விலையின் லாகரிதத்தை வைத்துக் கோடு போட வேண்டும். லாக் டேபிளைத் தேடிப் பரண் ஏற வேண்டாம். C பத்தியில் இதை அடித்துக் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=LN(B2)
```

பிறகு ஒரு காலிக் கட்டத்தில், வருஷத் தேய்மானம் எத்தனை என்று கேட்க ஒன்று. அடுத்த கட்டத்தில், நாலு வருஷ வண்டிக்கு விலை எத்தனை என்று கேட்க இன்னொன்று:

```
=1-EXP(SLOPE(C2:C11,A2:A11))
=EXP(INTERCEPT(C2:C11,A2:A11)+SLOPE(C2:C11,A2:A11)*4)
```

முதல் கட்டத்தில் 0.119 வந்தது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12 சதவீதம். வருமான வரிக் கணக்கில் வாகனத்துக்கு 15 சதவீதம் கழிக்கிறோமே, அதைவிடக் கொஞ்சம் கருணையாகத்தான் இருக்கிறது சந்தை. இரண்டாவது கட்டத்தில் 59,250. பன்னிரண்டு வருஷ வண்டிக்கும் போட்டுப் பார்த்தோம். மைனஸ் இல்லை, 21,600. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் இருப்பது ஐந்து வருஷம் வரையிலான வண்டிகள்தான். அதற்கு அப்பால் கோடு சொல்வது வெறும் ஆரூடம். அதை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது.

இந்தக் கோட்டை வயது பூஜ்யத்துக்கு இழுத்துப் பார்த்தால் 98,000 சொச்சம் வருகிறது. ஷோரூமில் ஆன்-ரோடு விலை இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். சாலை வரி, பதிவுச் செலவு எல்லாம் வண்டி கேட்டைத் தாண்டினதுமே திரும்பி வராத பணம். இது ஒரு நல்ல சோதனையும்கூட. உங்கள் கோடு புது வண்டி விலைக்கு மேலே போய் நின்றால், கோடு தப்பில்லை, நீங்கள் சேர்த்த விளம்பரங்கள் தப்பு. பழைய தேதியோ, வேறு வேரியண்ட்டோ உள்ளே நுழைந்திருக்கிறது.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு மதிப்பு இருக்கும். "அதுதான் நியாய விலை" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அது சந்தையைப் பார்த்து வந்த எண் இல்லை. ஷோரூம் விலையிலிருந்து நாலு வருஷம் முடிந்தால் 50 சதவீதம் என்கிற மாதிரி ஒரு அட்டவணைப்படி கழிப்பது. வண்டி திருடு போனால் கம்பெனி எவ்வளவு தரும் என்பதற்காக வைத்திருப்பது. வாங்குபவர்கள் அதைக் காட்டிப் பேரம் பேசுவார்கள். விற்பவர்கள் சிரிப்பார்கள்.

சரி, 59,250 என்று ஒரே எண்ணைச் சொன்னால் போதுமா? போதாது. பத்து வண்டியும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கவில்லை. மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கின்றன. எவ்வளவு சிதறல் என்று இதைப் போட்டால் தெரியும்:

```
=STEYX(C2:C11,A2:A11)
```

0.066 வந்தது. அதாவது வழக்கமாக 6, 7 சதவீதம் மேலே கீழே இருப்பது சகஜம். நாலு வருஷ வண்டிக்குக் கிட்டத்தட்ட 4,000 ரூபாய். 55,000 முதல் 63,000 வரை யார் கேட்டாலும் கோபப்பட நியாயமில்லை. கொளத்தூர்க்காரர் கேட்ட 65,000 அந்த வேலியைத் தாண்டி நின்றது.

இந்தச் சிதறலுக்குத்தான் நான் ரொம்ப மரியாதை கொடுப்பேன். ஏனென்று சொல்கிறேன். நாங்கள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தார். "அண்ணே, மூணு வருஷ வண்டி, 44,000! இப்பவே போன் போடட்டுமா?"

கோடு சொல்லும் விலை 67,000. இது 23,000 கம்மி. சதவீதத்தில் 35. சாதாரணச் சிதறலே 6, 7-தான் என்னும்போது, இது எங்கேயோ பாதாளத்தில் கிடக்கிறது. விற்பவருக்கு விலை தெரியவில்லை என்று நாம் நினைக்க ஆசைப்படுவோம். ஆனால் அவருக்கும் அதே விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன அல்லவா? கோட்டுக்கு ரொம்பக் கீழே ஒரு புள்ளி கிடந்தால், வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் ஒரு கட்டுரையாக எழுதினார். 2001-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

போன் போட்டார். எதிர்முனை ஆசாமி ராணுவத்தில் இருக்கிறாராம். மாற்றல் ஆகிவிட்டதாம். வண்டியை நேரில் பார்க்க முடியாதாம், ராணுவப் பார்சலில் வீட்டுக்கே வந்துவிடுமாம். முன்பணம் மட்டும் இப்போதே அனுப்பினால் போதுமாம். இந்த நாடகம் நாடு பூராவும் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி நல்ல பிள்ளையாகப் போனை வைத்துவிட்டார். எல்லாக் கீழ்ப் புள்ளியும் மோசடி என்று சொல்லவில்லை. சிலவற்றில் ஃபைனான்ஸ் பாக்கி இருக்கும். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் கடன் கொடுத்தவர் பெயர் நிற்கும். சில வண்டி வேறு மாநிலப் பதிவாக இருக்கும். சிலது எங்கேயாவது நன்றாக மோதியிருக்கும்.

இந்த 44,000 புள்ளியை நோட்டில் சேர்த்தால் என்ன ஆகும் என்று சும்மா போட்டுப் பார்த்தோம். நாலு வருஷ வண்டியின் விலை 59,250-லிருந்து 57,000-க்கு இறங்கியது. அது கூடப் பரவாயில்லை. சிதறல் 6.6 சதவீதத்திலிருந்து 15-க்கு எகிறியது. அதாவது ஒரே ஒரு போலி விளம்பரம் உள்ளே வந்ததும், 51,000 கேட்டாலும் சகஜம், 65,000 கேட்டாலும் சகஜம் என்று ஆகிவிட்டது. கோடு இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் STEYX திடீரென்று பெருத்தால், முதலில் ஒவ்வொரு புள்ளியாகத் திரும்பப் போய்ப் பார்ப்பது உத்தமம்.

இப்போது விஷயத்தின் நடு மையத்துக்கு வருகிறேன். இந்தப் பத்து எண்களும் 'கேட்ட' விலை. 'கொடுத்த' விலை இல்லை. விளம்பரத்தில் ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கு வரி கிடையாது. கொடுத்த விலை எங்கேயும் எழுதப்படுவதில்லை. அதோடு இன்னொரு சங்கடம். சரியான விலை போட்ட வண்டி இரண்டு நாளில் போய்விடும். அதிக விலை போட்டது மாசக் கணக்கில் தொங்கும். நாம் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் தொங்குகிற வண்டிகள்தான் அதிகமாகக் கண்ணில் படும். கல்யாண மண்டபத்தில் இரண்டு மணிக்குப் போய், பந்தியில் மிச்சம் இருப்பதை வைத்து மெனுவை எழுதிய கதைதான்.

இதற்குத்தான் தேதியைக் குறிக்கச் சொன்னேன். பட்டியல் போட்ட பிறகு பத்து நாள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தோம். நாலு விளம்பரம் காணோம். எவை தெரியுமா? 82,000, 73,000, 63,000, 49,000. நாலுமே கோட்டுக்குக் கீழே இருந்தவை. அந்த நாலும் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே என்று சராசரி பார்த்தால் ஐந்தரை சதவீதம். கோட்டுக்கு மேலே இருந்த ஐந்தும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. காணாமல் போனதெல்லாம் விற்றுப்போனதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. மனசு மாறி எடுத்திருக்கலாம். விற்றிருந்தாலும் பேரத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் 'கேட்ட' விலைக்கும் 'நடக்கும்' விலைக்கும் உள்ள தூரத்தை அளக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. தம்பி தன் பங்குக்கு மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேருக்குப் போன் போட்டு "கடைசி விலை சொல்லுங்க சார்" என்று கேட்டார். அவர்கள் போனிலேயே இறங்கியதும் ஐந்தாறு சதவீதம்தான். இரண்டு வழியில் வந்தும் ஒரே ஊர்தான்.

இன்னும் ஒரு சின்னத் திருத்தம். கொளத்தூர் வண்டியே அந்தப் பத்தில் ஒன்றாக உள்ளே இருக்கிறது. 65,000 என்று உட்கார்ந்துகொண்டு கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. கேஸ் போட்டவரே சாட்சிக் கூண்டிலும் ஏறக்கூடாது இல்லையா? அதை எடுத்துவிட்டு மற்ற ஒன்பதை வைத்துப் போட்டால் நாலு வருஷ விலை 58,300. அதில் ஐந்தரை சதவீதம் போனால் 55,000 சொச்சம். இதுதான் அந்த வயது வண்டி சுமாராக எவ்வளவுக்குக் கைமாறும் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த விடை.

கிலோமீட்டரை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சேர்க்கலாம். LINEST என்று ஒரு சூத்திரம் இருக்கிறது, இரண்டு மூன்று காரணிகளை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஆனால் விளம்பரக் கிலோமீட்டர் இருக்கிறதே, பாதிப் பேர் 20,000, 30,000 என்று ரவுண்டாக எழுதுவார்கள். சிலர் மீட்டரையே பின்னால் ஓட்டியிருப்பார்கள். அதோடு வயது கூடினால் கிலோமீட்டரும் கூடத்தானே செய்யும். இரண்டும் இணைபிரியா நண்பர்கள். பத்தே பத்து வண்டியை வைத்துக்கொண்டு 'விலை குறைந்தது வயதாலா, ஓட்டத்தாலா' என்று பிரித்துக் கேட்டால், கம்ப்யூட்டர் திணறி, அதிகம் ஓடிய வண்டிக்கு விலை அதிகம் என்று கூடச் சொல்லிவிடும். முப்பது நாற்பது வண்டி கிடைத்தால் முயற்சி செய்யலாம். இல்லாவிட்டால் வயதோடு நிறுத்திக்கொண்டு, கிலோமீட்டரை நேரில் போய்ப் பேசிக்கொள்வதே மேல்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கொளத்தூர் போனோம். வண்டிக்காரர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தம்பி தயங்கித் தயங்கி கிராஃப் தாளை நீட்டினார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். பழைய மாணவனின் பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல.

"நேர்கோடா போட்டே?"

"இல்ல சார், லாக் எடுத்துப் போட்டோம்."

"பரவாயில்லையே. இதுல என் வண்டி எது?"

கோட்டிலிருந்து மேலே, எல்லாப் புள்ளியையும்விட உயரத்தில் தனியாக நின்றதைத் தம்பி காட்டினார். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு வாரமா ஏன் ஒருத்தனும் ரெண்டாவது தடவை போன் பண்ணலேன்னு இப்ப தெரியுது" என்றார்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "நீ வயசை மட்டும்தான் எடுத்திருக்கே. என் வண்டி நாலு வருஷத்துல ஓடினது 22,000 கிலோமீட்டர்தான். மத்ததெல்லாம் எவ்வளவு ஓடியிருக்கு?" என்று மடக்கினார். மற்ற வண்டிகள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்பது பத்தாயிரம் ஓடியவை. இது அதில் பாதி சொச்சம். வாய்ச் சொல்லை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் கடைசி முத்திரை 21,000-ல் விழுந்திருந்தது. பிரேக் பெடல் ரப்பரும் கைப்பிடியும் அதற்கு ஏற்ற தேய்மானத்தில்தான் இருந்தன. மெக்கானிக் தலையை ஆட்டினார். இது கோட்டுக்குத் தெரியாத நிஜமான ப்ளஸ்.

மைனஸும் இருந்தது. பின் டயர் வழுக்கை. செயின் செட் மாற்ற வேண்டும். இரண்டும் சேர்த்து 3,500 ஆகும் என்றார் மெக்கானிக். தம்பி உடனே 55,000-லிருந்து 3,500-ஐக் கழிக்கப் போனார். நான் தடுத்தேன். நாலு வருஷ வண்டி என்றால் டயர் தேய்ந்துதான் இருக்கும். கோட்டில் இருக்கும் மற்ற நாலு வருஷ வண்டிகளுக்கும் அதே கதிதான், அந்தக் குறை ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. அந்த வயசு வண்டியைவிட எது மோசமோ அதற்கு மட்டும்தான் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே டயருக்கு இரண்டு தடவை காசு பிடித்ததாகும். வாத்தியார் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். தம்பி முறைத்தார்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பாலிசி இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. 2018 செப்டம்பர் முதல் புது டூ-வீலர் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்று ஆனதால், ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட வண்டியில் இந்த மிச்சம் இருக்கும். அதைப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஃபைனான்ஸ் இல்லை. ஆர்.சி. அவர் பெயரிலேயே இருந்தது. ஃபாரம் 29-ம் 30-ம் கையெழுத்துப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். வாத்தியார் இல்லையா!

தம்பி 53,000-ல் ஆரம்பித்தார். அவர் 59,000-க்கு வந்தார். இரண்டு காபி முடிவதற்குள் 56,000-ல் படிந்தது. கோடு சொன்ன 55,000, குறைந்த ஓட்டத்துக்கு மேலே ஆயிரம். சீட்டுப் பணத்தில் மிச்சம் இருந்த 4,000-ல் டயரும் செயினும் மாற்றியது போக, பெயர் மாற்றும் செலவுக்குத் தம்பி கைச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் போட வேண்டி வந்தது. கடன் வாங்கவில்லை.

செல்போனுக்கும் இதே வித்தை ஓடும். வயதை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தேய்மானம் பைக்கைவிட வேகம். 128 ஜி.பி.யையும் 256 ஜி.பி.யையும் தனித்தனி நோட்டில் எழுத வேண்டும். புது மாடல் வந்த வாரம் எல்லாப் பழைய மாடலும் ஒரு படி சரியும் என்பதால் அதற்கு முந்தைய விளம்பரங்களைத் தூக்கி எறிய வேண்டும். பைக்கில் சர்வீஸ் புத்தகம் மாதிரி இங்கே பேட்டரி ஆரோக்கியம். மற்றபடி கணக்கு அதேதான்.

ஆர்.எக்ஸ்.100 வாங்கப் போகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. வருஷா வருஷம் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதற்குக் கோடு போட்டால் தலைகீழாகப் போகும். நல்ல கண்டிஷனில் இருப்பவை ஊருக்கு நாலைந்துதான் தேறும். விற்பவர் சொல்வதுதான் விலை. அதுவும் அவர் அன்றைக்கு நல்ல மூடில் இருந்தால்தான்.